காபி மேசையில் காதில் விழுந்த வேலை: டர்பனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டர்பனில் வேலை தேடும் நம்மவர்கள் பலருக்கு முதல் நல்ல செய்தி விளம்பரத்தில் கிடைப்பதில்லை. உம்லங்காவிலோ மஸ்கிரேவிலோ ஒரு காபிக் கடையில், யாரோ அறிமுகப்படுத்திய ஒரு மேலாளருடன் அரைமணி நேரம் பேசிக்கொண்டிருக்கும்போது, அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, “எங்களிடம் இப்படி ஓர் இடம் வரலாம்” என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டுப் போவார். அது நேர்காணலும் அல்ல, வெறும் அரட்டையும் அல்ல. ஆகவே அதற்குப் பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் சிலர் மறுநாளே மூன்று முறை வாட்சப்பில் தட்டுகிறார்கள். சிலர் கூப்பிடுவார்கள் என்று ஆறு மாதம் காத்திருக்கிறார்கள்.

துறைமுகத்தை ஒட்டிய சரக்குப் போக்குவரத்து நிறுவனங்களில் ஆள் எடுக்கும் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நான் சொல்லவருவது ஒன்றுதான். மேலாளர் ஒருவர் வாயால் சொன்ன இடம், நிறுவனத்துக்குள் பல கையெழுத்துகளைக் கடந்த பிறகே வேலையாக மாறுகிறது. நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு செய்தியும் அந்தக் கையெழுத்துகளை வாங்க அவருக்கு உதவ வேண்டும். அவரை நினைவூட்டிக்கொண்டே இருப்பது அந்தச் செய்தியின் வேலை அல்ல. இதை விளக்க, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பியின் கதையைத் தொடர்ந்து எடுத்துக்கொள்கிறேன். கிடங்குகளில் பயன்படும் சரக்கிருப்பு மென்பொருளில் அவருக்கு ஏழெட்டு ஆண்டு அனுபவம் உண்டு. ஒரு நிறுவனத்தின் பெயரில் வழங்கப்பட்ட வேலை விசாவில் இங்கே இருந்தார். கோயில் அன்னதானத்தில் பரிமாறும்போது அறிமுகமான ஓர் அம்மையார், நான்கு தலைமுறையாக டர்பனில் வாழும் தமிழ்க் குடும்பத்தவர், ஒரு பெரிய கிடங்கு நிறுவனத்தில் செயல்பாட்டு மேலாளர். நவம்பர் முதல் வாரத்தில் ஒரு வியாழக்கிழமை மாலை இருவரும் காபி குடித்தார்கள்.

முதல் படி: அன்றிரவே எழுதி வையுங்கள்

வீடு திரும்பியதும் முதல் வேலை, அவர் சொன்ன சொற்களை அப்படியே ஒரு தாளில் எழுதி வைப்பது. நாளை காலைக்குள் உங்கள் ஆசை அந்தச் சொற்களைத் திருத்திவிடும். “வரலாம்” என்றது “வருகிறது” என்று ஆகிவிடும். தம்பியின் தாளில் இருந்தது இது: “மார்ச்சில் எங்களுக்குப் புதிய நிதியாண்டு. சிஸ்டம்ஸ் அனலிஸ்ட் ஒருவர் வேண்டும் என்று பட்ஜெட்டில் கேட்டிருக்கிறேன். ஜனவரிக் கடைசியில் தெரியும். திரும்பி வரும் சரக்குகளின் கணக்கு மென்பொருளில் ஒன்று, தளத்தில் ஒன்றாக இருக்கிறது. அதுதான் என் தலைவலி.”

இப்படி எழுதிவைத்தால் அந்தக் குறிப்பின் எடை தெரியும். பார்க்க வேண்டியவை மூன்று: இடம் எதனால் உருவாகிறது என்று காரணம் சொன்னாரா, எப்போது என்று காலம் சொன்னாரா, அடுத்து யார் என்ன செய்வார் என்று சொன்னாரா. தம்பிக்குக் காரணமும் காலமும் கிடைத்தன. அடுத்த செயல் கிடைக்கவில்லை. இது நடுத்தர எடையுள்ள குறிப்பு. மூன்றும் இல்லாமல், “உங்களைப் போன்றவர்கள் எங்களுக்கு எப்போதும் தேவை, சிவியை அனுப்பி வையுங்கள்” என்று மட்டும் சொன்னால் பெரும்பாலும் அது விடைபெறும் மரியாதை. சிவியை அனுப்புங்கள், ஆனால் அதை நம்பி வேறு விண்ணப்பங்களை நிறுத்தாதீர்கள். “எங்கள் எச்ஆரில் இன்னாரிடம் சொல்லிவைக்கிறேன், அவர் பெயரைப் போட்டு அனுப்புங்கள்” என்று ஒருவர் பெயரைச் சொல்லியிருந்தால் அதன் மதிப்பே வேறு.

இடம் புதிதாக உருவாகிறதா, ஒருவர் விலகுவதால் காலியாகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். புதிய இடத்துக்கு மேலிடத்தின் நிதி ஒப்புதல் வேண்டும். ஆகவே தாமதமாகும், ரத்தும் ஆகலாம். காலியாகும் இடத்துக்குப் பணம் ஏற்கெனவே இருக்கிறது; விரைவில் நகரும். ஆனால் விலகப் போகிறவருக்கே அது இன்னும் தெரியாமல் இருக்கக்கூடும். ஆகையால் எந்த வகையாக இருந்தாலும், கேட்டதை வெளியில் சொல்லாதீர்கள். சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் நம்மவர் வாட்சப் குழுக்களில் ஒரு செய்தி போனால், அது அந்த நிறுவனத்தின் சாப்பாட்டு அறைக்குப் போய்ச்சேர ஒரு மாலைப்பொழுது போதும். வெளியில் கசிந்த இடத்துக்கு மேலாளர் உங்களைப் பரிந்துரைக்கத் தயங்குவார், அதில் அவரைக் குறைசொல்ல முடியாது.

இரண்டாம் படி: நன்றிக் குறிப்பு, மறுநாள் மதியத்துக்குள்

சந்தித்த மறுநாள் மதியத்துக்குள் நன்றி போய்ச் சேர வேண்டும். வாட்சப்பில் பேசித்தான் சந்திப்பு ஏற்பாடாகியது என்றால் அங்கே இரண்டு வரி நன்றி சொல்லலாம். ஆனால் விவரமுள்ள குறிப்பு மின்னஞ்சலில்தான் போக வேண்டும், ஏனென்றால் மேலாளர் அதை எச்ஆருக்கோ தன் மேலதிகாரிக்கோ ஒரே அழுத்தில் முன்னனுப்ப முடியும். உங்கள் வாட்சப் உரையாடலை யாரும் நிதிப்பிரிவுக்குக் காட்டமாட்டார்கள். குரல்செய்தி வேண்டவே வேண்டாம்.

விளிப்பு பற்றி ஒரு சொல். நம் ஊரில் பழகிய “ரெஸ்பெக்டட் சார்”, “மேடம்” ஆகியவை இங்கே அலுவலக மின்னஞ்சலில் எழுதுபவரை மிகவும் கீழே நிறுத்துகின்றன. இங்கே மேலதிகாரியையும் பெயர் சொல்லி எழுதுவதுதான் வழக்கம். கோயிலில் அந்த அம்மையாரை எல்லாரும் “ஆன்ட்டி” என்றுதான் அழைப்பார்கள், தம்பியும் அப்படித்தான் அழைத்தார். ஆனால் அலுவலகக் கடிதத்தில் அவர் பெயரைத்தான் எழுத வேண்டும். அது முன்னனுப்பப்படும்போது “ஆன்ட்டி” என்ற சொல் உறவுக்காரப் பையனுக்கு இடம் பிடித்துத்தரும் தோற்றத்தைக் கொடுத்து, முதலில் அவருக்கே சங்கடம் உண்டாக்கும். கோயிலில் அடுத்த முறை பார்க்கும்போது தாராளமாக ஆன்ட்டி என்று அழையுங்கள். வேலையைப் பற்றி மட்டும் அங்கே கேட்காதீர்கள்.

குறிப்பின் உள்ளடக்கத்துக்கு வருவோம். நீங்கள் அதை ஆங்கிலத்தில்தான் எழுதப்போகிறீர்கள். தம்பி அனுப்பியதன் பொருளைத் தமிழில் தருகிறேன்:

“நேற்று நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. திரும்பி வரும் சரக்குகளில் மென்பொருள் இருப்பும் தளத்து இருப்பும் வேறுபடுவதைப் பற்றி நீங்கள் சொன்னது என் மனதில் நின்றது. முன்பு நான் வேலை செய்த கிடங்கிலும் இதே சிக்கல் இருந்தது. பெட்டி உள்ளே வந்ததும் ஸ்கேன் செய்துவிடுவார்கள். தரப் பரிசோதனை முடிந்த பிறகு இரண்டாம் முறை ஸ்கேன் செய்ய மறந்துவிடுவார்கள். அதனால் விற்கத்தகாத பெட்டியும் விற்கத்தக்க இருப்பில் சேர்ந்துவிட்டது. எந்தக் கட்டத்தில் பிழை நுழைகிறது என்று கண்டுபிடிக்க நாங்கள் பயன்படுத்திய முறையை ஒரு பக்கத்தில் எழுதித் திங்கட்கிழமை அனுப்புகிறேன். ஜனவரிக் கடைசியில் பட்ஜெட் பற்றித் தெரியவரும் என்றீர்கள். பிப்ரவரி முதல் வாரத்தில் உங்களைத் தொடர்புகொண்டால் சரியாக இருக்குமா?”

இதில் “எனக்கு வேலை கொடுங்கள்” என்ற வரி எங்கும் இல்லை. “என்னை நினைவில் வையுங்கள்” என்பதும் இல்லை. அவருடைய சிக்கலை அவரை விடச் சற்றுத் துல்லியமாகச் சொல்லும் ஒரு பத்தி இருக்கிறது. நாள் குறித்த ஒரு வாக்குறுதி இருக்கிறது. ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி இருக்கிறது. அந்தக் கேள்விதான் முக்கியம். அதற்கு அவர் “சரி” என்று எழுதிவிட்டால், பிப்ரவரியில் நீங்கள் எழுதும் செய்தி தொந்தரவாக இராது. அவரே அனுமதித்ததாக இருக்கும். “வேறு ஏதாவது வாய்ப்பு இருந்தால் தெரிவியுங்கள்” என்று முடித்தால் பந்து அவர் கையில் போய் அங்கேயே கிடந்துவிடும்.

வாக்குக் கொடுத்த பொருளைச் சொன்ன நாளில் அனுப்புங்கள். அது ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. இந்த இடத்தில் பலர் வழுக்கி விழுகிறார்கள்: இப்போது வேலைசெய்யும் நிறுவனத்தின் கணக்குத் தாளையோ செயல்முறைக் கையேட்டையோ பெயரை மட்டும் அழித்துவிட்டு அனுப்புகிறார்கள். அனுபவமுள்ள மேலாளர் அதைப் பார்த்ததும், நாளை தன் நிறுவனத்தின் தாளும் இப்படித்தான் வெளியே போகும் என்றுதான் எண்ணுவார். தம்பி வெற்றுக் கட்டங்களுடன் தானே ஒரு சிறு அட்டவணை வரைந்தார். பெட்டி வந்த நேரம், முதல் ஸ்கேன், பரிசோதனை முடிவு, இரண்டாம் ஸ்கேன் என நான்கு பத்திகள். கீழே, ஒரு ஷிஃப்டில் இருபது பெட்டிகளை இப்படிப் பின்தொடர்ந்தால் எந்தப் பத்தி காலியாக நிற்கிறதோ அங்கேதான் பிழை என்று மூன்று வரி விளக்கம். எந்த நிறுவனத்தின் எண்ணும் அதில் இல்லை.

சிவியை இத்துடன் சேர்க்கலாமா? அவர் கேட்டிருந்தால் சேருங்கள். கேட்கவில்லையென்றால் இரண்டாம் மின்னஞ்சலின் அடியில், “எளிதாக இருக்கட்டும் என்று சிவியையும் இணைத்திருக்கிறேன்” என்று ஒரு வரி போதும். நம் ஊர் வழக்கப்படி தந்தை பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் ஆகியவற்றை அதில் அச்சிட வேண்டாம். பாப்பியா என்று இங்கே அழைக்கப்படும் தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்த 2021 முதல், தேவையற்ற தனிவிவரங்களைக் கையில் வைத்திருப்பதையே நிறுவனங்கள் தவிர்க்கப் பார்க்கின்றன.

மூன்றாம் படி: விசாவை மறைக்காமல், முதலிலும் வைக்காமல் சொல்வது

இங்கே பிறந்து வளர்ந்த தமிழருக்கு இந்தப் படியே இல்லை. நமக்கோ எல்லாம் இதில்தான் தங்கியிருக்கிறது. மேலாளர் மனம்வைத்தும் எச்ஆர் மேசையில் நின்றுபோகும் கோப்புகளை நான் பார்த்திருக்கிறேன். அவற்றில் பல நின்றது இந்த ஒரு விவரம் தாமதமாகத் தெரியவந்ததால்தான்.

இரண்டு விஷயங்களை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். முதலாவது, பொது வேலை விசா ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் பெயரில் வழங்கப்படுகிறது. நிறுவனம் மாறினால் உள்துறையிடம் மீண்டும் போக வேண்டும், அதற்கு மாதங்கள் ஆகும். 2024 அக்டோபரில் புள்ளிமுறை வந்த பிறகு, விண்ணப்பிப்பவர் 100 புள்ளிகள் பெற வேண்டும். அரசின் அரிய திறன்கள் பட்டியலில் உங்கள் தொழில் இருந்தால் அதற்கே 100 கிடைத்துவிடும். இல்லையென்றால் கல்வித் தகுதி, அனுபவ ஆண்டுகள், தரப்படும் சம்பளம், மொழித்திறன், அந்த நிறுவனம் நம்பகமான வேலையளிப்பவர் திட்டத்தில் இருக்கிறதா என்பன சேர்ந்துதான் 100 ஆக வேண்டும். அந்த அறிவிப்பின்படி, சம்பளத்துக்கான புள்ளி ஆண்டுக்கு 6,50,796 ராண்டில்தான் தொடங்குகிறது. எனவே மேலாளர் மனத்தில் வைத்திருக்கும் சம்பளம் இதற்குக் கீழே என்றால், பொது வேலை விசாவில் உள்ளவருக்கு அந்த வேலை எவ்வளவு பொருந்தினாலும் பயனில்லாமல் போகலாம்.

இரண்டாவது, வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம். ஐம்பது பேரும் அதற்கு மேலும் வேலைசெய்யும் நிறுவனங்கள், நிறவெறி ஆட்சியில் ஒதுக்கப்பட்ட பிரிவினருக்கு எந்தெந்த நிலைகளில் எவ்வளவு இடம் தருகிறோம் என்று ஆண்டுதோறும் அரசுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். அந்தப் பிரிவில் இந்திய வம்சாவளித் தென்னாப்பிரிக்கர்கள் அடங்குவர். அண்மையில் இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்த நாம் அடங்கமாட்டோம். தோல் நிறமும் தாய்மொழியும் ஒன்றாக இருப்பதால் நாமும் அதில் சேர்ந்தவர்கள் என்று புதிதாக வந்தவர்கள் நினைத்துக்கொள்வதுண்டு. நம்மை எடுக்க விரும்பும் மேலாளர், உள்ளூரில் அந்தத் திறன் கிடைக்கவில்லை என்பதை எழுத்தில் காட்ட வேண்டியிருக்கும். அந்த அம்மையாரின் “தலைவலி”யைத் தம்பி துல்லியமாக எழுதிக்கொடுத்தது இங்கேதான் கைகொடுத்தது, ஏனென்றால் என்ன திறன் வேண்டும் என்பதற்கான வாசகம் அவருக்குத் தயாராகவே கிடைத்துவிட்டது.

எப்போது சொல்வது என்பதுதான் கேள்வி. நன்றிக் குறிப்பிலேயே விசாவைப் பற்றி எழுதினால், காபி குடித்ததே விசாவுக்காக என்று தோன்றும். நேர்காணல் வரை மறைத்தால், ஏமாற்றப்பட்டதாக நினைப்பார்கள். பொருளை அனுப்பும் இரண்டாம் மின்னஞ்சலின் கடைசிப் பத்திதான் சரியான இடம். தம்பி எழுதியது இவ்வளவுதான்: “திட்டமிட உதவும் என்பதால் சொல்லிவைக்கிறேன்: என் வேலை விசா இப்போதைய நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது, மாறுவதற்குப் புதிய விண்ணப்பம் தேவை. என் பட்டத்துக்கான சாக்வா மதிப்பீட்டுச் சான்றிதழ் கையில் இருக்கிறது. ஒப்பந்தப்படி ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும்.” வெளிநாட்டுப் பட்டங்களை இங்குள்ள தரவரிசையில் பொருத்திக் காட்டும் அந்தச் சான்றிதழ் இல்லாதவர்கள், மேலாளரின் பதிலுக்குக் காத்திருக்காமல் இப்போதே விண்ணப்பியுங்கள். முன்னறிவிப்பைப் பொறுத்தவரை, ஓராண்டுக்கு மேல் வேலைசெய்தவருக்குச் சட்டம் நான்கு வாரம் என்கிறது. பல ஒப்பந்தங்கள் ஒரு முழு நாட்காட்டி மாதம் என்கின்றன. உங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

நான்காம் படி: நாட்காட்டியைப் பார்த்துக் காத்திருத்தல்

“இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நினைவூட்டு” என்பது எங்கும் சொல்லப்படும் அறிவுரை. டர்பனில், அதுவும் நவம்பரில், அது உதவாது. நவம்பர் கடைசியில் வரும் பிளாக் ஃபிரைடே விற்பனையிலிருந்து கிறிஸ்துமஸ் வரை கிடங்கு மேலாளர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. அலுவலகப் பிரிவுகளோ டிசம்பர் 16 விடுமுறையை ஒட்டி மூடத் தொடங்கி, ஜனவரி முதல் வாரம் கடந்த பிறகே முழுதாகத் திறக்கின்றன. ஆக, மேலாளர் இருக்கும்போது கையெழுத்துப் போடுபவர்கள் இல்லை. அவர்கள் திரும்பும்போது இவர் விடுப்பில் போயிருப்பார். இந்தக் காலத்து மௌனத்துக்கு எந்தப் பொருளும் இல்லை. அதை மறுப்பு என்று எண்ணி மனமுடைந்து போகிறவர்களும், பதில் வரவில்லையே என்று கிறிஸ்துமஸ் வாழ்த்தின் அடியில் “வேலை விஷயம் என்ன ஆயிற்று” என்று சேர்க்கிறவர்களும் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள்.

அவர் சொன்ன நிகழ்வைத்தான் நீங்கள் பின்தொடர வேண்டும். தம்பிக்குச் சொல்லப்பட்டது ஜனவரிக் கடைசி. அதற்குப் பிப்ரவரி முதல் வாரத்தில் எழுத அனுமதியும் வாங்கியிருந்தார். நன்றிக் குறிப்புக்கு அவர் அனுப்பிய பதில், “நன்று, பிப்ரவரியில் பேசுவோம்” என்ற ஒரே வரி. அட்டவணைக்குப் பதிலே வரவில்லை. இடையில் தம்பி அனுப்பியது டிசம்பர் இரண்டாம் வாரத்தில் ஒரே ஒரு செய்தி, அதுவும் காரணம் இருந்ததால். அட்டவணையில் ஒரு பத்தி குறைவதாக அவருக்கே பிறகு தோன்றியது. சரக்கை அனுப்பிய கடையின் குறியீடும் இருந்தால் பிழை ஒரே கடையிலிருந்து வருகிறதா என்றும் தெரியும். திருத்திய தாளை இரண்டு வரியுடன் அனுப்பினார். இம்முறை அந்த அம்மையார், அதை ஒரு ஷிஃப்டில் முயன்று பார்த்ததாக எழுதினார்.

இப்படிச் சொல்ல உண்மையில் ஏதும் இல்லையென்றால், இடையில் எழுதாதீர்கள். கட்டுரை ஒன்றின் இணைப்பை அனுப்பி “உங்களுக்குப் பயன்படும் என்று நினைத்தேன்” என்பது எல்லா மேலாளர்களும் பார்த்துச் சலித்த உத்தி.

மேலாளர் எந்தக் காலமும் குறிப்பிடாமல் விட்டிருந்தால், நன்றிக் குறிப்புக்குப் பின் மூன்று வாரம் கழித்து ஒருமுறை எழுதுங்கள். அதில் இடம் உண்டா என்று கேட்காமல், “இந்த நிதியாண்டுக்குள் இதைப் பற்றி முடிவெடுக்கும் எண்ணமா, அடுத்த ஆண்டா?” என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு மேலாளர் சங்கடமில்லாமல் பதில் சொல்லலாம். இங்கே பல நிறுவனங்களின் நிதியாண்டு பிப்ரவரியில் முடிகிறது, சிலவற்றுக்கு ஜூனில். அந்த நிறுவனத்துக்கு எது என்று தெரிந்துவிட்டால் காத்திருக்க வேண்டிய காலமும் ஓரளவு தெரிந்துவிடும்.

ஐந்தாம் படி: முறையான வாசலுக்குப் போவது

பிப்ரவரி முதல் வாரத்தில் தம்பி எழுதினார். நான்கு நாள் கழித்து வந்த பதில்: இடத்துக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது, ஆனால் முதலில் உள்ளே இருப்பவர்களுக்கு அறிவிக்க வேண்டும், பிறகே வெளியே விளம்பரம் வரும். பலருக்கு இந்த இடத்தில் கோபம் வருகிறது. “எனக்கென்று சொன்ன இடத்தை ஊருக்கே அறிவிக்கிறாரே” என்பார்கள். பெரிய நிறுவனத்தில் மேலாளர் நினைத்தாலும் விளம்பரமில்லாமல் ஒருவரை உட்காரவைக்க முடியாது. விளம்பரம் வருவதே காரியம் நகர்கிறது என்பதற்கு அடையாளம்.

விளம்பரம் வந்ததும் நிறுவனத்தின் இணையதளத்தில் எல்லாரையும் போல முழுமையாக விண்ணப்பியுங்கள். மேலாளருக்குத்தான் தெரியுமே என்று சிவியை அவருக்கு மட்டும் அனுப்பிவிட்டு இருந்தவர்களின் பெயர் எச்ஆரின் பட்டியலிலேயே இல்லாமல் போனதுண்டு; பட்டியலில் இல்லாத பெயரைப் பின்னர் நுழைக்க மேலாளரால் முடியாது. விண்ணப்பித்த அன்றே அவருக்கு ஒரு வரி எழுதுங்கள்: “இன்ன குறிப்பு எண்ணுள்ள இடத்துக்கு இன்று விண்ணப்பித்துவிட்டேன்.” அவ்வளவே. பரிந்துரை செய்யுங்கள் என்று கேட்க வேண்டாம். செய்ய நினைப்பவருக்கு அந்த எண் போதும்.

விளம்பரத்தைக் காபிப் பேச்சுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். தம்பிக்கு வந்த விளம்பரத்தில் அனலிஸ்ட் வேலையுடன் மாதம் ஒரு வாரம் கேட்டோ ரிட்ஜ் கிடங்கில் இரவுப்பணியும் சேர்ந்திருந்தது. காபியில் அது பேசப்படவே இல்லை. அவரிடம் கார் இல்லை. இப்படி ஒன்று மாறியிருந்தால் அதை மேலாளரிடம் தனியாகக் கேட்பதை விட நேர்காணலில் எல்லார் முன்னாலும் கேட்பதே நல்லது. முகப்புக் கடிதத்தில் காபிச் சந்திப்பை ஒரே வரியில் குறிப்பிடலாம்: நவம்பரில் செயல்பாட்டு மேலாளருடன் திரும்பிவரும் சரக்கு பற்றிப் பேசினேன், அதையொட்டி இந்த இடத்தில் ஆர்வம் கொண்டேன் என்று. அதற்கு மேல் நெருக்கம் காட்டினால் நேர்காணல் குழுவின் மற்றவர்கள் உங்களைக் கடுமையாகச் சோதிப்பார்கள், மேலாளரும் ஒதுங்கி உட்காருவார்.

இல்லை என்று வந்தால், ஆம் என்று வந்தால்

அந்த இடம் தம்பிக்குக் கிடைக்கவில்லை. ஏற்கெனவே அங்கே வேலைசெய்த ஒருவருக்குப் போயிற்று. மறுப்புக் கடிதம் வந்த அன்று, எச்ஆருக்கு ஒரு நன்றியும் மேலாளருக்குத் தனியே மூன்று வரியும் அனுப்பினார். அந்த மூன்று வரியில் வருத்தமோ காரணம் கேட்டலோ இல்லை. உள்ளிருப்பவர் மேலே போனால் அவருடைய பழைய இடம் காலியாகும் என்பதை அவர் கணக்கிட்டிருந்தார். ஆகவே, “அவர் விட்டுச்செல்லும் இடத்தை நிரப்புவதாக இருந்தால், அதற்கும் விண்ணப்பிக்க விரும்புகிறேன்” என்று சேர்த்தார். அந்த இடத்தின் சம்பளம் மேலே சொன்ன புள்ளிக் கணக்குக்கு எட்டுமா என்பதை எச்ஆரிடம் கேட்டறிந்த பிறகே அவர் விண்ணப்பத்தை நிரப்பினார். எட்டாது என்றால் யாருடைய நேரத்தையும் வீணாக்காமல் விலகிக்கொள்ளத் தயாராகவும் இருந்தார். எட்டியது, ஏப்ரலில் நேர்காணல் நடந்தது.

வேலை உறுதி என்று மேலாளர் தொலைபேசியில் சொல்லும் நாளில் செய்யக் கூடாத ஒன்று உண்டு. மகிழ்ச்சியில் அன்றே இப்போதைய வேலையை ராஜினாமா செய்துவிடாதீர்கள். எழுத்தில் வேலைக் கடிதம் வரட்டும். அதில் “விசா கிடைப்பதைப் பொறுத்து” என்ற வாசகம் இருக்கிறதா, விசா தாமதமானால் எத்தனை மாதம் அந்த இடத்தை உங்களுக்காக வைத்திருப்பார்கள், விண்ணப்பச் செலவு யாருடையது என்பவற்றைப் படித்துப்பார்த்து, தெளிவாக இல்லாததை எச்ஆரிடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்குங்கள். புதிய விசா கைக்கு வரும்வரை உங்கள் பழைய விசா பழைய நிறுவனத்தையே சார்ந்திருக்கிறது. அங்கே முன்னறிவிப்புக் கடிதம் கொடுப்பது அது வந்த பிறகு செய்யும் வேலை.